148 மீட்டர் கேபிளும் ஐந்து மணி நேர மின்தடையும்

மண்டபத்தில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, மைனஸ் 30 டிகிரி குளிரில் குழாய் உறையாமல் இருக்க கணக்குப் போடுகிறேன் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. "இங்க தண்ணி கொதிக்காம இருந்தாப் போதாதா?" என்று ஒருமுறை மீன் வாங்கப் போன இடத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் கரையில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம்.

வளைகுடாவில் எலக்ட்ரிக்கல் வேலையில் பதினோரு வருடம், அப்புறம் கஜகஸ்தானில் அத்திராவ் பக்கம் நான்கு குளிர்காலம் இருந்தேன். காஸ்பியன் கடலின் வடகரை அது. குளிர்காலத்தில் அங்கே கடல் ஓரத்தில் உறைந்து கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது, வெள்ளை நிறத்தில் உப்பளம் என்றுதான் நினைத்தேன். ஊர் திரும்பிய பிறகும் ட்ரேஸ் ஹீட்டிங், அதாவது குழாயோடு ஹீட்டிங் கேபிள் ஓட்டி உறையாமல் காப்பது, அந்த டிசைன் வேலை மட்டும் வீட்டிலிருந்தே செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் செய்த ஒரு குழாயில் நான் விட்ட பிழையைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேள்விதான் தப்பு.

குழாய் சாதாரணமானது. பம்ப் ஹவுஸிலிருந்து வண்டி கழுவும் இடம் வரை, தரைக்கு மேலே தாங்கிகளின் மீது போகும் 80 மில்லிமீட்டர் இரும்புக் குழாய், நீளம் 130 மீட்டர். பகலில் தண்ணீர் ஓடும், இரவு முழுக்க அப்படியே நிற்கும். ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. நிற்கிற தண்ணீர்தான் பிரச்சினை. எனவே குழாயைச் சுற்றி இன்சுலேஷன், அதற்கு அடியில் குழாயோடு ஒட்டி ஒரு மின்சார ஹீட்டிங் கேபிள். வெளியே மைனஸ் 30 ஆனாலும் குழாய் 5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் கேட்கப்பட்டது.

முதல் வேலை, அந்தக் குழாய் மீட்டருக்கு எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்று பார்ப்பது. இன்சுலேஷன் போட்ட உருண்டைக் குழாய்க்கு ஒரே ஒரு சூத்திரம் போதும்:

```
Q = 2 × π × k × (Tp − Ta) / ln(D2 / D1)
```

k என்பது இன்சுலேஷன் வழியே வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கும் என்ற எண். நான் எடுத்த கண்ணாடி நார்க் கம்பளிக்கு 0.04. Tp குழாயின் வெப்பநிலை, Ta வெளிக்குளிர். இரண்டுக்கும் இடையே 35 டிகிரி வித்தியாசம். D1 குழாயின் வெளிவிட்டம், 88.9 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் கனத்தில் இன்சுலேஷன் சுற்றினால் D2 168.9 ஆகிறது. போட்டுப் பார்த்தால் மீட்டருக்கு 13.7 வாட். கணக்குக்கும் களத்துக்கும் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும் என்பதால் மேலே 20 சதவீதம் சேர்த்தேன். 16.4 வாட்.

இதே குழாய்க்கு 25 மில்லிமீட்டர் இன்சுலேஷன் போட்டிருந்தால் 20 சதவீதமும் சேர்த்து கிட்டத்தட்ட 24 வாட் வரும். இன்சுலேஷனே இல்லாமல் காற்றில் நின்றால், மீட்டருக்கு சுமார் 300 வாட். இந்தக் கடைசி எண்ணைத்தான் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வேன். கேபிள் குழாயைக் காப்பாற்றுவதில்லை, இன்சுலேஷன்தான் காப்பாற்றுகிறது. அதிலிருந்து கசிந்து போகிற கொஞ்ச வெப்பத்தை ஈடுகட்டுவது மட்டும்தான் கேபிளின் வேலை.

காற்றைப் பற்றியும் ஒன்று. பாம்பன் காற்றைப் பார்த்து வளர்ந்தவன் நான். பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்திவிடுவார்கள். அதனால் குளிர்நாட்டுக் குழாய் என்றதும் காற்றைத்தான் பெரிதாக நினைத்தேன். வெற்றுக் குழாய்க்கு அது உண்மை. ஆனால் 40 மில்லிமீட்டர் கம்பளி சுற்றிய குழாயில் அந்த 35 டிகிரி வித்தியாசத்தில் முக்கால்வாசிக்கு மேல் கம்பளிக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. வெளித்தகட்டில் மிஞ்சுவது காற்று அசையாத நேரத்தில்கூட ஐந்தாறு டிகிரிதான். எவ்வளவு காற்று அடித்தாலும் அந்த ஐந்தாறு டிகிரியைத்தான் அது பறிக்க முடியும்.

ஈரம் அப்படி இல்லை. எங்கள் ஊரில் மீன் பெட்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தெர்மாகோல் விரிசல் விட்டுத் தண்ணீர் குடித்த பெட்டியில் ஐஸ் நிற்காது. கம்பளியும் அதே கதைதான். நனைந்தால் அதன் k பல மடங்கு ஏறிவிடும், நான் போட்ட 20 சதவீதம் எந்த மூலைக்கும் காணாது. அதனால் மேலே போடும் அலுமினியத் தகட்டின் நீளவாட்டு மூட்டு குழாயின் உச்சியில் வரக் கூடாது. பக்கவாட்டில், கொஞ்சம் கீழே பார்த்து, மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் படிந்திருக்க வேண்டும். கூரைக்குக் கீற்று வேய்கிற அதே முறை. வரைபடத்தில் இதற்கு ஒரு சின்னப் படம் போட்டு அனுப்புவேன், போடாவிட்டால் உச்சியில்தான் மூட்டு வைப்பார்கள். திருப்புளி பிடிக்கிறவருக்கு அதுதான் வசதி.

அடுத்து கேபிள். நான் தேர்ந்தெடுத்தது செல்ஃப் ரெகுலேட்டிங் வகை. இரண்டு செம்புக் கம்பிகள் இணையாக ஓடும், அவற்றுக்கு நடுவே கார்பன் கலந்த பிளாஸ்டிக். மின்சாரம் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு, நீளம் முழுவதும், அந்தப் பிளாஸ்டிக் வழியாகக் கடந்து சூடாக்குகிறது. பிளாஸ்டிக் சூடானால் விரியும், உள்ளே கார்பன் துகள்களின் தொடர்பு அறும், மின்தடை ஏறும், வெப்பம் குறையும். குளிர்ந்தால் நேரெதிர். இதனால் கேபிள் தானே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், எந்த இடத்திலும் வெட்டலாம், வால்வில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றினாலும் எரியாது.

என் அக்கா மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு என்னோடு சில மாதம் இருந்தான். ஒரு துண்டு கேபிளைக் கொடுத்து முனையைத் தயார் செய்யச் சொன்னேன். கவசத்தைச் சீவி, இரண்டு கம்பிகளையும் அழகாகப் பிரித்து, கடைசி முனையில் இரண்டையும் சேர்த்து முறுக்கி வைத்திருந்தான். "என்ன மாப்ள இது?"

"சர்க்யூட் முடியணும்ல மாமா? இல்லாட்டி கரண்ட் எப்படித் திரும்பும்?"

இஸ்திரிப் பெட்டியின் சுருள் கம்பியை மனதில் வைத்துக்கொண்டு செய்கிற தப்பு இது, அவன் மட்டும் இல்லை, அனுபவசாலி எலக்ட்ரீசியன்களும் செய்திருக்கிறார்கள். இங்கே மின்சாரம் திரும்புவது நடுவில் உள்ள பிளாஸ்டிக் வழியே. கடைசி முனையில் இரண்டையும் சேர்த்தால் அது நேரடி ஷார்ட். முனையில் இரண்டும் தனித்தனியாக, நடுக்கருவையும் கொஞ்சம் வெட்டி, தண்ணீர் புகாத மூடி போட்டு அடைக்க வேண்டும்.

இந்தக் கேபிள்களுக்கு மீட்டருக்கு இத்தனை வாட் என்று ஒரு எண் அச்சிட்டிருப்பார்கள். அது குழாய் 10 டிகிரியில் இருக்கும்போது தருகிற வெப்பம். நான் பார்த்துக்கொண்டிருந்த தொடரில் 17 வாட், 26 வாட், 33 வாட் என மூன்று இருந்தன. எனக்குத் தேவை 16.4. குழாய் 5 டிகிரியில் இருக்கும்போது 17 வாட் கேபிள் சுமார் 18 வாட் தரும். பொருந்துகிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று 26 வாட் போடுவது நல்லதில்லையா என்று கேட்பார்கள். அதிக வாட் என்றால் அதிக ஆம்பியர், அதிக ஆம்பியர் என்றால் ஒரு பிரேக்கரில் போடக்கூடிய நீளம் குறையும், சர்க்யூட் எண்ணிக்கை கூடும். காசு பூராவும் அங்கேதான் போகும். கேபிளைவிட பேனலும், ஜங்ஷன் பாக்ஸும், அதுவரை இழுக்கும் பவர் கேபிளும்தான் விலை. குழாய் பிளாஸ்டிக் என்றால் வேறு கதை. அங்கே கேபிள் தொடும் கோட்டில் மட்டும் சூடு குவிந்து குழாயைக் கெடுக்கும், அலுமினியப் பட்டை ஒட்டிப் பரப்ப வேண்டும். இது இரும்பு, அந்தக் கவலை இல்லை.

இப்போது நீளம். குழாய் 130 மீட்டர் என்பதால் கேபிள் 130 மீட்டர் ஆகாது. வால்வு என்பது வெப்பம் ஒழுகும் ஒரு துடுப்பு. அதன் உடலும் கழுத்தும் கைச்சக்கரமும் குளிரில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த அளவுக்கு வால்வு ஒன்றுக்கு 1.2 மீட்டர் கூடுதல் கேபிள் வைத்தேன். நான்கு வால்வுக்கு 4.8. ஃபிளேஞ்ச் ஜோடிக்கு 40 சென்டிமீட்டர் வீதம் பத்துக்கு 4 மீட்டர். தாங்கி ஒவ்வொன்றுக்கும் கால் மீட்டர், 32 தாங்கிக்கு 8 மீட்டர். இரு முனை இணைப்புக்கு 1.2. எல்லாம் சேர்த்து 148 மீட்டர்.

கேபிள் தயாரிப்பாளரின் அட்டவணையைத் திறந்தேன். 17 வாட் கேபிள், 25 ஆம்பியர் சி வகை பிரேக்கர், அதிகபட்ச நீளம் 150 மீட்டர். என்னுடையது 148. ஒரே சர்க்யூட்டில் அடங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த திருப்தியைச் சொல்ல வேண்டும். ஒரு பிரேக்கர், ஒரு ஜங்ஷன் பாக்ஸ், ஒரு முனைமூடி. ஓடும்போது 148 மீட்டரும் எடுப்பது 11 அல்லது 12 ஆம்பியர்தான், 25 ஆம்பியர் பிரேக்கருக்கு அது பாதிகூட இல்லை.

அந்த அட்டவணையில் 150 என்ற எண்ணுக்கு மேலே ஒரு தலைப்பு இருந்தது. தொடக்க வெப்பநிலை பிளஸ் 10 டிகிரி. அதற்கு அடுத்தடுத்த வரிசைகளில் 0, மைனஸ் 20, மைனஸ் 30. மைனஸ் 30 வரிசையில் அதே கேபிளுக்கு, அதே பிரேக்கருக்கு 95 மீட்டர்.

நான் அதைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கினேன். என் நியாயம் இது: வெளிக்காற்றை அளக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கிறது, அது 5 டிகிரியில் கேபிளை ஆன் செய்யும். குளிர் மெல்ல மெல்லத்தான் இறங்கும். அக்டோபரிலோ நவம்பரிலோ 5 டிகிரி வந்ததும் கேபிள் ஓட ஆரம்பித்துவிடும், அப்புறம் வசந்தம் வரை நிற்காது. எனவே இந்தக் கேபிள் மைனஸ் 30-ல் தொடங்க வேண்டிய தேவையே வராது. பிளஸ் 10 வரிசையே போதும். கேட்பதற்குச் சரியாகத்தானே இருக்கிறது?

முதல் குளிர்காலம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது ஜனவரியில், இங்கே பொங்கல் முடிந்த வாரம், காலையில் போன் வந்தது. அங்கே சூப்பர்வைசர் தூத்துக்குடிக்காரர், என்னைவிட இளையவர்.

"அண்ணே, ராத்திரி ஒரு மணிக்கு பிளாண்ட் பவர் போயிருச்சு. ஆறு மணிக்குத்தான் வந்துச்சு. உங்க லைன் பிரேக்கர் நிக்க மாட்டேங்குது."

"எர்த் ஃபால்ட் காட்டுதா?"

"இல்லண்ணே, 30 மில்லியாம்ப் லீக்கேஜ் ரிலே அப்படியே இருக்கு. பிரேக்கர்தான் விழுது. போட்டா ரெண்டு நிமிஷம் தாண்டல."

இந்த ஒரு வித்தியாசத்தில் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. கேபிள் அடிபட்டிருந்தாலோ தண்ணீர் புகுந்திருந்தாலோ லீக்கேஜ் ரிலேதான் முதலில் விழும். உள்ளே ஷார்ட் என்றால் பிரேக்கர் போட்ட கணமே விழும். போட்டு ஒன்று இரண்டு நிமிடம் கழித்து விழுகிறது என்றால் பிரேக்கரின் உள்ளே இருக்கும் வெப்பப்பட்டை வேலை செய்கிறது. அதாவது பழுது இல்லை, சுமை அதிகம்.

கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெளியே மைனஸ் 28. போட்டவுடன் 52 ஆம்பியர். ஒரு நிமிடம் கழித்து 43. இறங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் 25 ஆம்பியர் பிரேக்கர் அதுவரை பொறுக்கவில்லை.

செல்ஃப் ரெகுலேட்டிங் கேபிளின் நல்ல குணமே இங்கே வினையாகிவிட்டது. குளிர்ந்தால் மின்தடை குறையும் என்றேனே, மைனஸ் 28-ல் அது மிகவும் குறைந்து கிடக்கும். 12 ஆம்பியரில் ஓட வேண்டிய கேபிள் முதல் கணத்தில் அதைப்போல நான்கு மடங்கு கேட்கும். கேபிளின் கரு சூடேறச் சூடேற, சில நிமிடங்களில் இறங்கி நிதானத்துக்கு வரும். அட்டவணையில் 150 மீட்டர் 95 ஆகக் குறைந்திருந்ததன் காரணம் அந்தச் சில நிமிடங்கள் மட்டும்தான். ஓடும்போது எடுக்கும் ஆம்பியரை வைத்து நான் மகிழ்ந்தது தப்பு. பிரேக்கரையும் நீளத்தையும் தீர்மானிப்பது தொடக்கம்.

எனக்கு வெட்கமாக இருந்ததற்குக் காரணம் வேறு. இந்தக் கரையில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் போகலாமா? புயல் எச்சரிக்கை நாளில் கரண்ட் போய், இரவு பத்து மணிக்குத் திரும்ப வரும்போது என்ன நடக்கும்? தெரு முழுக்க ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஏசியும் ஒரே நேரத்தில் ஏறும், டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸ் போகும், மறுபடி இருட்டு. அதனால்தான் என் அம்மா கரண்ட் போனதும் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவார், வந்து கால் மணி நேரம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகப் போடுவார். நான் கஜகஸ்தான் பிளாண்டில் கரண்ட் போகவே போகாது என்று முடிவு செய்துவிட்டு, கரண்ட் போகிற ஊரில் உட்கார்ந்து டிசைன் செய்திருக்கிறேன்.

சரி, குழாய்க்குள் என்ன நடந்திருக்கும்? போனை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் கணக்குப் பார்த்தேன். ஒரு மீட்டர் குழாயில் சுமார் 4.8 லிட்டர் தண்ணீர், 11.3 கிலோ இரும்பு. இரண்டும் 5 டிகிரியிலிருந்து 0-க்கு இறங்க ஏறக்குறைய 126 கிலோஜூல் இழக்க வேண்டும். மீட்டருக்கு 13 வாட் வீதம் இழந்தால் இரண்டே முக்கால் மணி நேரம். கரண்ட் போயிருந்தது ஐந்து மணி நேரம். ஆக, நாலு மணி வாக்கில் தண்ணீர் 0 டிகிரியைத் தொட்டு, பனி கட்ட ஆரம்பித்திருக்கும்.

ஆனால் தொடங்குவது வேறு, முழுக்க உறைவது வேறு. 0 டிகிரித் தண்ணீர் 0 டிகிரிப் பனியாக மாற அதைவிடப் பல மடங்கு வெப்பம் வெளியேற வேண்டும். இந்தக் குழாய் முழுக்கக் கட்டியாக இன்னும் ஒன்றரை நாள் ஆகும். அதனால் நடுக்குழாயைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. பயம் வால்வுகளைப் பற்றித்தான். அவை குழாயைவிட வேகமாக வெப்பம் இழக்கும், அங்கேதான் முதல் அடைப்பு விழும். இரண்டு வால்வில் அடைப்பு விழுந்து நடுவில் தண்ணீர் சிக்கினால், பனி வளர வளர அந்தத் தண்ணீருக்குப் போக இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். குழாய் வெடிப்பது பெரும்பாலும் அந்த அழுத்தத்தில்தான், பனி இருக்கும் இடத்திலேயே அல்ல.

சூப்பர்வைசர் அதற்குள் இரண்டு யோசனை வைத்திருந்தார். ஒன்று, 40 ஆம்பியர் பிரேக்கர் மாற்றிவிடலாம். கூடாது என்றேன். அந்த ஜங்ஷன் பாக்ஸ் வரை போகிற பவர் கேபிளும், ஹீட்டிங் கேபிளுக்குள் ஓடும் செம்புக் கம்பிகளும் 25 ஆம்பியர் பாதுகாப்புக்குத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பிரேக்கரைப் பெரிதாக்கினால் அது விழாது, வேறு ஏதாவது எரியும்.

இரண்டாவது யோசனை, விடாமல் போட்டுப் போட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் கேபிள் கொஞ்சம் சூடேறும், நாலாவது அல்லது ஐந்தாவது தடவை நின்றுவிடும். இது உண்மையிலேயே நடக்கும், அன்றும் அப்படித்தான் கடைசியில் நின்றது. ஆனால் இதனால்தான் இந்தப் பிழை பல இடங்களில் வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் கிடக்கிறது. "அந்த பிரேக்கர் கொஞ்சம் மக்கர் பண்ணும், நாலு தடவை போடணும்" என்று ஷிப்டுக்கு ஷிப்டு சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பிரேக்கரை மாற்றுவார்கள், புதியதும் அதே போல விழும். மைனஸ் 15-ல் நிற்கிற பிரேக்கர் மைனஸ் 28-ல் விழுகிறது என்றால் பிரேக்கரைச் சந்தேகப்படாதீர்கள், நீளத்தைப் பாருங்கள்.

கேபிள் நின்றபோது மணி எட்டே கால். இனி தானாக உருகிவிடும் என்று அங்கே நினைத்தார்கள். நான் மறுபடி கணக்குச் சொன்னேன். 0 டிகிரிக் குழாயில் கேபிள் தருவது சுமார் 19 வாட், குழாய் வெளியே இழப்பது சுமார் 12. மிச்சம் 7 வாட். முழுக்க உறைந்த குழாயாக இருந்தால் இந்த 7 வாட்டில் உருக இரண்டரை நாள் ஆகும். உறையாமல் காக்கப் போட்ட கேபிளுக்கு உருக்கும் பலம் கிடையாது. அதை யாரும் எழுதிவைப்பதில்லை, கணக்கில்தான் தெரியும்.

அதனால் வால்வுகளுக்குத் தார்ப்பாய் கட்டி, உள்ளே சூடான காற்று ஊதச் சொன்னேன். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம், கேபிளின் உறை உருகும். இன்னொன்றையும் சொன்னேன், திறந்திருக்கும் பக்கத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே போங்கள். நடுவில் உருக்கினால் அந்தத் தண்ணீர் இருபக்கப் பனிக்கு நடுவே சிக்கும். மதியத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. வந்த பத்தாவது நிமிடம் மூன்றாவது வால்வின் வார்ப்பிரும்பு உடலில் மயிரிழை விரிசலிலிருந்து தண்ணீர் பீறிட்டது. விரிசல் விடியற்காலையிலேயே விழுந்திருக்கும். பனி அடைத்துக்கொண்டிருக்கும்வரை எந்த விரிசலும் கசியாது, உருகியபிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

இன்சுலேஷனைப் பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த வால்வில் நான் கேட்ட 1.2 மீட்டர் கூடுதல் கேபிளைச் சுற்றவே இல்லை. நேராக ஒரு கோடு இழுத்துப் போயிருந்தார்கள். எனக்கு ஒரு வகையில் ஆறுதல், ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த வால்வும் முதல் குளிர்காலம் முழுக்கத் தாங்கித்தான் இருந்தது. உடைத்தது என் 148 மீட்டர்.

திருத்தம் எளிது. மைனஸ் 30 வரிசை 95 மீட்டர் என்கிறது, என்னுடையது 148, எனவே இரண்டு சர்க்யூட், தலா 74 மீட்டர். குழாயின் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அங்கிருந்து ஒரு கேபிள் இடப்பக்கம், ஒரு கேபிள் வலப்பக்கம். இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது, மாப்பிள்ளைக்கும் வந்தது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 74 மீட்டர்தானே, ஒரே பிரேக்கர் போதாதா என்றான். போதாது. கேபிளின் உள்கம்பிக்கு அது 74, ஆனால் பிரேக்கருக்கு இரண்டும் சேர்ந்து 148 தான். குடத்தை இரண்டு கையால் தூக்கினாலும் எடை அதேதான் என்றேன். இரண்டு பிரேக்கர், இரண்டு லீக்கேஜ் ரிலே. கூடவே ஒரு டைமர்: பவர் திரும்ப வந்ததும் முதல் சர்க்யூட், ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது. என் அம்மா செய்கிற வேலையை அந்த டைமர் செய்கிறது.

வெட்டி இணைத்தபிறகு, உறையில் மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகர் வைத்துச் சோதித்தோம், 2500 வோல்ட்டில், செம்புக் கம்பிகளுக்கும் மேலே உள்ள பின்னல் கவசத்துக்கும் இடையே. இந்தச் சோதனையை மூன்று தடவை செய்யச் சொல்வேன்: கேபிள் சுருளாக வந்ததும், குழாயில் கட்டியதும், இன்சுலேஷனும் தகடும் போட்டதும். மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் தகட்டுக்குப் போடும் ஸ்க்ரூ நேராகக் கேபிளுக்குள் இறங்குவதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அந்த இடத்தை அப்போதே கண்டுபிடித்தால் பத்து நிமிட வேலை, ஜனவரியில் கண்டுபிடித்தால் தெரியும்.

அதன் பிறகு என் கணக்குத் தாளில் முதல் வரியை மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் குழாய் விட்டம், நீளம், வெளிக்குளிர் என்று தொடங்கும். இப்போது, "மிக மோசமான குளிரில் மின்சாரம் போய்த் திரும்பினால் எந்த வெப்பநிலையில் தொடங்கும்?" என்று தொடங்குகிறது. தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரியில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்தத் தாளில் வேறு இடம்.

மாப்பிள்ளை இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு இறால் பதப்படுத்தும் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கிறான். போன மாதம் பேசினான். மைனஸ் 20 குளிர் அறைக்குள் ஒரு டிரெயின் குழாய், கூலரில் டிஃப்ராஸ்ட் ஆகும் தண்ணீர் வெளியேறுவதற்கு. இரண்டு மீட்டர்தான் அறைக்குள் இருக்கிறது. உள்ளே ஹீட்டர் கேபிளும் இருக்கிறது, ஆனாலும் மாதத்துக்கு இரண்டு தடவை அடைத்துக்கொண்டு, தரையெல்லாம் பனி.

உலகத்தில் எங்கெங்கோ குளிருக்குக் கணக்குப் போட்டுவிட்டு, ராமநாதபுரம் மாவட்டத்திலேயே உறைகிற ஒரு குழாய் இருப்பதை நான் யோசித்ததே இல்லை. கேபிள் எத்தனை வாட், கிளாம்ப் மீட்டரில் என்ன காட்டுகிறது, தண்ணீர் தேங்கும் வளைவு அறைக்கு உள்ளேயா வெளியேயா என்று வரிசையாகக் கேட்டேன். வளைவு வெளியேதான். ஆம்பியரும் சரியாக இருந்தது, மீட்டருக்கு 50 வாட் வருகிறது, இரண்டு மீட்டர் குழாய்க்குத் தாராளம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

"மாமா, அடைக்கிறது எல்லாமே கரண்ட் கட் ஆன நாளுக்கு மறுநாள்தான்."

"ஜெனரேட்டர் ஓடுமே?"

"கம்ப்ரஸர் ஓடும், கூலர் ஓடும், டிஃப்ராஸ்ட் ஓடும்." சொல்லிக்கொண்டே நடந்தான், பேனல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "டிரெயின் ஹீட்டர்..." கொஞ்சம் நிறுத்தினான். "லைட்டிங் போர்டுல இருந்து எடுத்திருக்காங்க மாமா. ஜெனரேட்டர்ல இல்ல."